“முன்” என்றால் யாருக்கு முன்? கால உருவகக் கேள்விக்கு விடை எழுதும் முறை

கோலாலம்பூரில் மொழியியல் படித்தபோது, கருத்துருவகக் கோட்பாட்டுத் தாளில் எனக்கு வந்த கேள்வி இது: காலத்தை இடமாகக் கருதும் அன்றாட வழக்குகளைத் தமிழிலிருந்து காட்டி விளக்குக. இந்தப் பாடம் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

“போன வாரம், வரும் மாதம், நீண்ட நேரம்” என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குவது மட்டும் விடையாகாது. லேக்காஃபும் ஜான்சனும் 1980-இல் முன்வைத்தது, இடம் போன்ற ஒரு புலத்தின் அமைப்பைக் காலம் போன்ற இன்னொரு புலத்தின்மேல் பொருத்தித்தான் நாம் யோசிக்கிறோம் என்பதை. ஆகவே எது எதோடு பொருந்துகிறது என்று எழுத வேண்டும்.

“தைப்பூசம் நெருங்கிவிட்டது” என்பதை எடுங்கள். விழா நகர்ந்து வருகிறது, நாம் நிற்கிறோம், நடுவில் உள்ள தூரம்தான் மீதமுள்ள நாட்கள். “தைப்பூசத்தை நெருங்கிவிட்டோம்” என்றால் விழா ஓர் இடம், நடப்பது நாம். நகர்வது யார் என்பது மாறினாலும், கிட்டே இருப்பது சீக்கிரம் நடக்கும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் தாமதமாகும் தேர்வு “தள்ளிப்போகிறது”.

சரி, சிக்கல் “முன்” என்ற சொல்லில் வருகிறது. “தீபாவளிக்கு முன்” என்பது முந்தைய நாட்களைச் சுட்டுகிறது. உடனே சிலர், தமிழர்கள் இறந்தகாலத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள், தென் அமெரிக்காவின் அய்மாரா மக்களைப் போல, என்று எழுதிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. ஆய்வாளர்கள் நூன்யெஸும் சுவீட்ஸரும் 2006-இல் அய்மாரா பற்றி எழுதியபோது சொற்களை மட்டும் நம்பவில்லை. இறந்தகாலத்தைப் பேசும்போது பேசுபவர்களின் கை தங்களுக்கு முன்புறம் காட்டியதையும் சேர்த்தே வாதிட்டார்கள்.

எனவே “யாருக்கு முன்?” என்று கேளுங்கள். எல்ஆர்டி ரயிலின் முன்பெட்டிதான் நம்மை முதலில் வந்தடைகிறது. அதுபோல, வரிசையில் தீபாவளிக்கு முன்னால் நிற்கும் நாள் முதலில் வந்துபோகிறது. இங்கே அளவுகோல் தீபாவளி, நாம் அல்ல. “நமக்கு முன்னால் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது” என்றாலோ அளவுகோல் நாம். வருங்காலம் நம் முகத்துக்கு நேரே நிற்கிறது. “எதிர்காலம்” என்ற சொல்லும் அப்படித்தான்.

ஆனால் “நமக்கு” வந்தாலே வருங்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. “நமக்கு முன் வாழ்ந்தவர்கள்” இறந்தகாலத்தவர்கள். அங்கே நாம் பார்வையாளர் அல்ல, தலைமுறை வரிசையில் ஒரு கண்ணி. இந்த விதிவிலக்கையும் எழுதி, அதற்கு விளக்கமும் கொடுங்கள். மேலோட்டமாகப் படித்தவர்கள் தொடாத இடம் அது.

அப்புறம், வாய்மொழித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: இடத்தை வைத்துக் காலத்தைச் சொல்கிறோம், காலத்தை வைத்து இடத்தைச் சொல்வதில்லை, இந்த உருவகம் ஒருவழிப் பாதை என்றால், “பங்சாரிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பத்து நிமிடம்தான்” என்று தூரத்தை நேரத்தால் சொல்கிறோமே? அது உருவகமே அல்ல. பயணத்தில் தூரமும் நேரமும் சேர்ந்தே வருவதால் ஒன்றின் பெயரை மற்றதற்குச் சொல்கிறோம். ஆகுபெயர் என்று பதில் சொல்லுங்கள்.