அடி வாங்கிய சிஸ்டர் பெயரில் புகார் எழுதக்கூடாது

தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவு மேற்பார்வை பார்த்த காலத்தில், கேஷுவாலிட்டியில் சண்டை எப்போது கிளம்பும் என்பது எங்கள் எல்லோருக்குமே ஓரளவு தெரியும். தொப்பூர் கணவாயில் விபத்து என்று ஆட்களைத் தூக்கிக்கொண்டு வரும்போதுகூட அவ்வளவு கோபம் இருக்காது. "சேலம் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான், யாரும் எதுவும் செய்யாமல் நிற்பதுபோல உறவினருக்குத் தெரியும், அப்போதுதான் கை நீளும்.

அப்படி ஒரு ராத்திரி தலைக்காயத்தோடு வந்த பையனின் சித்தப்பா டியூட்டி சிஸ்டரைக் கன்னத்தில் அறைந்தார். மேசையின் மூலையில் இடித்து அவருக்கு நெற்றி கிழிந்தது. எங்கள் கொள்கைத் தாளில் இதற்கு ஒரு கோட் வார்த்தை இருந்தது, அதை மைக்கில் அறிவித்தால் வார்டு பாய், லிஃப்ட் ஆள், செக்யூரிட்டி எல்லோரும் ஓடி வர வேண்டும். வந்தார்கள். ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் கூச்சல்தான் கூடும். பெரியவர் ஒருவர் மட்டும் சித்தப்பாவிடம் பேச, இன்னொருவர் வெளியே போய் 112-க்கு அடிக்க, மற்றவர்கள் சும்மா நின்றாலே போதும். கையில் எட்டக்கூடிய கத்திரிக்கோல் ட்ரேயையும் ஐ.வி. ஸ்டாண்டையும் நகர்த்துவது, கதவுக்கும் சிஸ்டருக்கும் நடுவில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது, பையனுக்கு வைத்தியம் நிற்காமல் ஓடுவது, இதெல்லாம் அன்றைக்கு நடந்தது. அந்த மட்டில் சரி.

கோளாறு அதற்குப் பிறகுதான். சிஸ்டரின் நெற்றிக்குத் தையல் போட்டார்கள், ஆனால் ஏ.ஆர். பதிவு போடவில்லை. நம்ம ஸ்டாஃப்தானே, இதற்கு எதற்கு விபத்துப் பதிவேடு என்று டாக்டர் நினைத்திருப்பார். காலையில் காவல் நிலையத்தில் முதல் கேள்வியே "காயத்துக்கு ஏ.ஆர். காப்பி எங்க?" என்பதுதான். வெளியிலிருந்து அடிபட்டு வருகிறவருக்குப் போடும் அதே பதிவை, யார் அடித்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று, சொந்த ஊழியருக்கும் அந்த நேரத்திலேயே போட வேண்டும். பிறகு எழுதினால் பின்தேதி போட்டதாகவே பார்ப்பார்கள்.

அடுத்தது புகார். நிர்வாகம் சிஸ்டரையே எழுதச் சொன்னது. புகாரில் தகப்பன் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் வரும். மறுநாளே ஊர்ப் பெரியவர் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "துக்கத்துல பண்ணிட்டான்மா, விட்டுடு" என்றார். மிரட்டல் என்று சொல்ல முடியாத மிரட்டல் அது. சிஸ்டரின் மாமியார் பயந்துபோய் வேலையே வேண்டாம் என்றார். புகார் வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றது, எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை.

மருத்துவமனையே புகார்தாரராக இருந்திருந்தால் அந்தப் பெரியவர் எங்கள் நிர்வாக அறைக்குத்தான் வந்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனையில் பெண் டாக்டர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு அனுப்பிய உத்தரவில் இதைத்தான் சொன்னார்கள்: தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே நிறுவனத்தின் பெயரில் எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும். தனியார் இடத்திலும் அதை நடைமுறையாக வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. புகாரில் "பணியில் இருந்தபோது, மருத்துவமனை வளாகத்தில்" என்று எழுதி, தமிழ்நாட்டின் 2008-ஆம் வருட மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தையும் (எண் 48) குறிப்பிட வேண்டும். அது ஜாமீனில் வர முடியாத குற்றம், 3 முதல் 10 வருடம் வரை தண்டனை. எழுதாவிட்டால் சாதாரண அடிதடியாகப் போய்விட இடமுண்டு. சிஸ்டர் சாட்சியாக வாக்குமூலம் தரத்தான் வேண்டும், அதிலிருந்து தப்ப வழியில்லை, ஆனால் வழக்கை நடத்தும் சுமை அவர் தலையில் இருக்காது. கேமரா பதிவையும் அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும், பழைய காட்சிமேல் புதிது பதிந்துகொண்டே போகும்.

ஆதரவு என்று கொள்கைத் தாளில் ஒரே வரிதான், 'தேவையான உதவி வழங்கப்படும்'. சிஸ்டர் தையலோடு வீட்டில் இருந்த நாட்களை அக்கவுண்ட்ஸில் அவருடைய சி.எல். விடுப்பில் கழித்துவிட்டார்கள்! நிர்வாகியிடம் சண்டை போட்டுத்தான் அதைப் பணிநாளாக மாற்றினோம். பகல் டியூட்டி தருகிறேன் என்று அவரைக் கேட்காமலே ஓ.பி.க்கு மாற்றியதும் அவருக்குத் தண்டனை மாதிரிதான் பட்டது, "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்" என்றார். கேட்டிருந்தால் கேஷுவாலிட்டியிலேயே, கூட ஒரு ஆளோடு, இருந்திருப்பேன் என்றார். ராத்திரி தூக்கம் வராமல் இருந்தபோது மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணை நான்தான் எழுதிக் கொடுத்தேன், கூப்பிட்டாரா என்று கேட்கவில்லை, அது அவர் பாடு.

அதன்பிறகு இப்படிப்பட்ட சம்பவங்களை எழுதும் படிவத்தை மாற்றினோம். முதல் பக்கத்தில் ஊழியர் வீட்டு விலாசத்துக்கு இடமே கிடையாது, ஏ.ஆர். எண்ணுக்கும் கேமரா பதிவு எடுத்தவர் கையெழுத்துக்கும் கட்டம் உண்டு. கை நீட்டாமல் "வெளிய வா, பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் போகிறவர்களை மட்டும் இன்னும் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. சொன்ன வார்த்தையை அப்படியே, கெட்ட வார்த்தை உட்பட, நேரத்தோடு எழுதச் சொல்கிறோம். எழுதக் கூச்சப்பட்டு பாதிப் பேர் 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று முடித்துவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் ஒன்றும் செய்ய முடிவதில்லை.