மாடிக்குப் பக்கத்தில் கண்ணாடி

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மேல்தளத்தில் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம். பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடல்கள்தான் முக்கிய வேலை. அக்கா பாட்டு எழுதுவார், நான் ஒலியையும் வரித்தலைப்பையும் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் வீவக அடுக்குமாடி வீட்டைப் பற்றி ஒரு பாட்டு. முதல் வரி ‘வீடு’ என்று முடிந்தது. அடுத்த வரி வரவே இல்லை.

“தம்பி, ஈடுன்னு முடியுற சொல்லெல்லாம் வரிசையா எடுத்துக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

எதுகைக்குப் பழைய துணை உண்டு. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடைக்காகவே அமைந்தது. அக்காவுக்கு வேண்டியதோ இயைபு. சொல்லின் வால் ஒன்றாக இருக்க வேண்டும். அகராதியோ தலையிலிருந்து அடுக்கியது. அதனால் சொற்களைத் திருப்பிப் போட்டு, அகரவரிசையில் அடுக்கி, மறுபடி நேராக்கினால் ஒரே வால் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். யோசனை சரிதான். திருப்புவது எதை என்பதில்தான் எனக்கு இரண்டு வாரம் போனது.

முதலில் `rev` கட்டளையைப் போட்டேன். அது யூனிகோடு குறிகளை ஒவ்வொன்றாகத் திருப்பும். ‘மாடி’ என்பது கணினிக்கு ம, கால், ட, இகரக் கொக்கி என்று நான்கு குறிகள். திருப்பியதும் கொக்கி முன்னால் வந்து, தொற்றிக்கொள்ள மெய் இல்லாமல் புள்ளி வட்டத்தோடு நின்றது. திரை முழுக்க அப்படியே. பார்த்ததும் தப்பு என்று முடிவு கட்டித் தூக்கிப் போட்டேன்.

அடுத்து, முழு எழுத்துகளாக வெட்டித் திருப்பினேன். மாடி, ‘டிமா’ ஆனது. திரையில் அழகாக இருந்தது. வாயால் படிக்கவும் முடிந்தது. பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இதுல மாடிக்குப் பக்கத்துல மடியும் மிடியும் முடியும் இருக்கு. கண்ணாடி எங்க?” என்றார்.

கண்ணாடி வேறு பக்கத்தில் இருந்தது. ‘டி’யில் முடிகிற சொற்கள் எல்லாம் ஒன்றாகத்தான் வந்திருந்தன. ஆனால் அதற்குள் அடுத்த அடுக்கு, முந்தைய எழுத்தின் மெய்யை வைத்துப் பிரிந்துவிட்டது. மா, மகர வரிசைக்குப் போனது. ணா, ணகர வரிசைக்குப் போனது. காதுக்கு இயைபாகக் கேட்பது ‘ஆடி’ என்ற வால். அந்த ஆகாரம் மாவுக்குள்ளும் ணாவுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. எழுத்தை உடைக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே! உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது. மாடி என்றால் ம், ஆ, ட், இ. திருப்பினால் இ, ட், ஆ, ம். கண்ணாடி இ, ட், ஆ, ண் என்று தொடங்கும். முதல் மூன்றும் ஒன்று, இனி பிரிய வழியே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: நான் தூக்கிப் போட்ட `rev` பட்டியல் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பாதிக்கு மேல் சரியாகவே அடுக்கியிருந்தது. யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் தனியாக இருப்பதால், தற்செயலாக ஒலி வரிசையே திரும்பியிருக்கிறது. இடறியது ஓர் இடத்தில்: ‘ஆடி’ என்ற சொல்லில் ஆகாரம் தனி எழுத்து, ‘மாடி’யில் அது கால். கணினிக்கு இரண்டும் வேறு குறி. அதனால் ஆடி மட்டும் மாடியை விட்டு எங்கோ போய் நின்றது.

இதுதான் நான் கடைசியில் வைத்துக்கொண்டது:

```python
import unicodedata

SIGN = dict(zip("ாிீுூெேைொோௌ", "ஆஇஈஉஊஎஏஐஒஓஔ"))

def sounds(word):
    out = []
    for ch in unicodedata.normalize("NFC", word):
        if ch == "்":
            out.pop()
        elif ch in SIGN:
            out[-1] = SIGN[ch]
        elif "க" <= ch <= "ஹ":
            out += [ch + "்", "அ"]
        else:
            out.append(ch)
    return out

def key(word):
    return "".join(reversed(sounds(word)))

words.sort(key=key)
```

மெய்க்குறி வந்தால் புள்ளி வைத்த மெய்யையும் ஓர் அகரத்தையும் போடுகிறது. பின்னால் புள்ளி வந்தால் அகரத்தை எடுத்துவிடுகிறது. உயிர்க்குறி வந்தால் அகரத்தின் இடத்தில் அந்த உயிரை வைக்கிறது. தேடும்போது ‘ஆடி’ என்று தட்டினால், அதையும் இதே வழியில் திருப்பி, அந்தத் தொடக்கம் உள்ள சொற்களை எடுக்கலாம். பட்டியல் வரிசையில் இருப்பதால் பாதி பாதியாக வெட்டித் தேடினால் போதும். ஒரு லட்சம் சொல் இருந்தாலும் 17 ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும்.

NFC என்ற ஒரு சொல்லை முதலில் நான் போடவில்லை. அதனால் வந்த பிழையைச் சொல்லியாக வேண்டும். ஆடி வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நொடியும் பொடியும் உட்கார்ந்திருந்தன. வேறு சில நொடிகளும் பொடிகளும் ‘ஒடி’ வரிசையில் ஒழுங்காக இருந்தன. ஒரே சொல் இரண்டு இடத்தில், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தப்பான இடத்தில் இருந்தவை பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் வந்தவை. அவற்றில் ஒகரக் குறி ஒற்றைக் குறியாக இல்லை, கொம்பும் காலுமாக இரண்டாக இருந்தது. நிரல் கொம்பைப் படித்து எகரம் வைத்தது, பிறகு காலைப் படித்து அதை ஆகாரமாக்கிவிட்டது. நொடி, நாடி ஆகிப்போனது. NFC அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒரே சொல் இரண்டு முறை தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சொற்களை எங்கே எடுப்பது என்பது இன்னொரு பாடு. அகராதித் தலைச்சொற்களை மட்டும் போட்டபோது வினைச்சொற்கள் பெரும்பாலும் ‘தல்’ என்று முடிந்து ஒரே குவியலாகக் கிடந்தன. ஓடுதல், தேடுதல், விளையாடுதல். பாட்டில் யாரும் ‘விளையாடுதல்’ என்று முடிப்பதில்லை, ‘விளையாடி’ என்றுதான் வரும். தல்லை வெட்டிவிட்டு நானே வடிவங்களைச் செய்து பார்த்தேன். கேட்டல், நிற்றல் போன்றவற்றில் கேள், நில் என்ற பகுதி கிடைக்காமல் குழம்பியது. அதனால் அதை விட்டுவிட்டு, எங்களிடம் இருந்த பழைய பாட்டு வரிகளிலிருந்தும் நாடக வசனங்களிலிருந்தும் சொற்களை அப்படியே உருவி, தலைச்சொற்களோடு சேர்த்தேன். முன்னாடி, பின்னாடி போன்ற பேச்சுச் சொற்களும் அப்படித்தான் உள்ளே வந்தன. என்னைக் கேட்டால், அகராதியைவிட அந்தப் பழைய கோப்புகள்தான் அக்காவுக்கு அதிகம் உதவின.

சரி, அவர் முதலில் கேட்ட ‘ஈடு’ என்ன ஆனது? தட்டினோம். வீடு, பீடு, முதலீடு, காப்பீடு, மதிப்பீடு, இழப்பீடு, ஒதுக்கீடு. அக்கா சிரித்துவிட்டார். ஐந்து வயதுப் பிள்ளை காப்பீட்டைப் பற்றிப் பாட முடியாதே. இந்த வால் நமக்கு ஆகாது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரியையே மாற்றி, பன்னிரண்டாம் ‘மாடி’யில் முடித்தார். ஆடி என்று தேடினோம்: கண்ணாடி, தாடி, விளையாடி, கொண்டாடி, முன்னாடி.

பட்டியல் தராத உதவியும் உண்டு. லகர, ளகர, ழகரங்களைச் சேர்த்துக் காட்டச் சொல்லி அக்கா கேட்டார், காலமும் தாளமும் பாட்டில் ஒட்டும் என்று. செய்யலாம், மூன்றையும் ஒரே குறியாக்கினால் போதும். நான் செய்யவில்லை. இங்கே பிள்ளைகளுக்கு அந்த மூன்றையும் பிரித்துச் சொல்லவே பாட்டு தேவைப்படுகிறது. அதில் எங்கள் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.

‘ஆடி’ பக்கத்தை அச்சிட்டு ஒலிப்பதிவு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அக்கா பென்சிலால் ‘தாத்தாவின் தாடி’ என்று ஓரத்தில் எழுதி, ‘தள்ளாடி’யை அடித்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.