மாவில் கறுப்பு: கோபக் கடிதத்துக்கு எழுதிய பதில்

கோவையில் கிரைண்டர் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். இணையவழி வாங்கியவர்களின் புகார்கள் என் மேசைக்குத்தான் வரும். திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா படத்துடன் எழுதியிருந்தார்: "புதுக் கிரைண்டரில் அரைத்த உளுந்தெல்லாம் கறுப்பு. இதையா பிள்ளைகளுக்கு இட்லியாக ஊற்றுவது? பணம் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன்."

வெற்று மிரட்டல் என்று ஒதுக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோவைக்கு அலையாமல் தம் மாவட்டத்திலேயே அவர் வழக்குத் தொடரலாம்.

கறுப்பு என்று யார் எழுதினாலும், "புதுக் கல்லில் தூள் வரும், கழுவுங்கள்" என்று பதில் போடுவது எங்கள் கடை வழக்கம். பல நேரம் அது உண்மைதான். ஆனால் கல்தூள் சாம்பல் நிறத்தில் மாவெங்கும் பரவும். அரைத்துக் கொட்டக் கொட்டக் குறையும். இவர் அனுப்பிய படத்தில், குழவிக்குள் தண்டு நுழையும் துளையைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டேன்: கழுவினால் போகிறதா? "சோப்புப் போட்டும் விரலில் பிசுக்கு ஒட்டுகிறது" என்றார். கிரீஸ்தான், சீல் சரியாக உட்காராமல் கசிந்திருக்கிறது.

முதலாளி மெக்கானிக்கை அனுப்பி சீல் மாற்றலாம் என்றார். சாப்பாட்டில் கிரீஸைப் பார்த்தவர் அந்தக் குழவியில் மறுபடி மாவு அரைப்பாரா? நான் எழுதிய பதில் இது:

"வணக்கம் அம்மா. அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், கிரைண்டரை இனி ஓட்ட வேண்டாம். கறுப்பாக வந்தது குழவியிலிருந்து கசிந்த கிரீஸ். உங்கள் பயன்பாட்டில் தவறில்லை, பொருளில்தான் குறை. வருந்துகிறோம். முழுப் பணம் ரூ.4,800 வேண்டுமானால், நீங்கள் செலுத்திய அதே கணக்குக்கு அனுப்புகிறோம். வேறு கிரைண்டர் வேண்டுமானால், தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்து அனுப்புகிறோம். எதுவானாலும் பழையதை எங்கள் செலவில் கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார். அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் அவரே கொண்டுவருவார். பணமா, கிரைண்டரா என்று மட்டும் சொல்லுங்கள்."

அட்டைப்பெட்டி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை யார் கட்டுவது, யார் தூக்குவது என்பதில்தான் அடுத்த சண்டை தொடங்கும்.

பொருள் கைக்கு வந்த பிறகே பணம் என்பார் முதலாளி. கூரியர் ரசீது கிடைத்ததுமே அனுப்பலாம் என்று அவரைச் சம்மதிக்க வைக்கக் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

அந்த அம்மா பணத்தைத்தான் கேட்டார். வேறு கிரைண்டரை ஏற்பார் என்று நான் எதிர்பார்த்தேன், வற்புறுத்தவில்லை. திரும்பி வந்த குழவியைக் கழற்றியபோது சீலின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. அதே தொகுப்பில் கிடங்கிலிருந்த மற்றவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.