நெற்றி விளக்கின் செல்லும் உறையில் அச்சிட்ட எண்ணும்

மே 6, தங்கச்சிமடம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், பழுது பார்க்க வரும் நெற்றி விளக்குகள் கூடியிருக்கின்றன. "தம்பி, 9,800 என்று போட்டிருக்கிறது, ஆனால் வலை இழுத்து முடிக்கும் முன்பே மங்கிவிடுகிறது" என்று சொல்லி, பக்கத்துத் தெரு அண்ணன் இரண்டு விளக்குகளைக் கொடுத்துச் சென்றார். இரண்டிலும் இருப்பவை 18650 வகை லித்தியம் செல்கள், 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட இந்த உருளைக்குள், பெயர்பெற்ற தயாரிப்பாளர்களே பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் அடைக்கிறார்கள். உறையிலுள்ள எண்ணே பொய்யைச் சொல்லிவிட்டது.

மே 7

முதல் செல்லைத் தராசில் வைத்தேன், 29 கிராம். என்னிடமுள்ள நல்ல செல் 46 கிராம். மின்னைச் சேமிக்கும் தகட்டுச் சுருள்தான் எடையில் பெரும்பங்கு என்பதால், குறைந்த எடைக்குக் குறைந்த சரக்கு என்றே பொருள். முழுதாக மின்னேற்றி, 500 மில்லி ஆம்பியர் சீராக இழுத்துப் பார்த்ததில், 1 மணி 54 நிமிடத்தில் 3 வோல்ட்டுக்கு இறங்கியது. கணக்கு 950தான்.

மே 9

இரண்டாவது செல் 45 கிராம் இருந்ததால், நல்லது என்று நம்பிவிடப் பார்த்தேன். ஆனால் நேர்முனையைச் சுற்றி உறையின் விளிம்பு ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் குறுகியும் சுருங்கியிருந்தது; அதன் அடியில் இருக்க வேண்டிய காப்பு வளையமும் இல்லை. நேர்முனை மூடியைப் பற்றியிருக்கும் மடிப்பு விளிம்பு எதிர்முனைக் குடுவையின் பகுதியே ஆகையால், அங்கே உறை கிழிந்தால் ஓர் உலோகத் துண்டு பட்டாலே குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். அந்த வளையத்தை விட்டவர் மீது எனக்குக் கடும் கோபம் வருகிறது. பிளாஸ்டிக் கத்தியால் உறையை உரித்தபோது, அடிப்பக்கத்தில் தகடு பிய்த்தெடுத்த பற்றவைப்புப் புள்ளிகள் நான்கு தெரிந்தன. வேறொரு பேட்டரிப் பெட்டியில் உழைத்து ஓய்ந்த செல்லுக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். 2 மணி 42 நிமிடம் தாங்கியது, 1,350.

உறை மாற்றுவது மட்டுமே குற்றமாகாது; நேர்மையான விற்பனையாளர்களும் வாங்கிய செல்லுக்குத் தம் உறையைப் போடுகிறார்கள், ஆனால் உள்ளே இருப்பதைவிட அதிகமாக எழுதுவதில்லை.

மே 12

கடிகாரத்துக்கு வாங்கிய பென்சில் பேட்டரியின் உறையில் 'ஆல்கலைன்' என்று பெரிதாகவும், 'ஆர்6' என்று பொடியாகவும் அச்சிட்டிருந்தது. ஆல்கலைனுக்கு உரிய குறி 'எல்ஆர்6'. 'ஆர்6' துத்தநாக-கார்பன் வகையைக் குறிக்கும். எடை 16 கிராம். ஆல்கலைன் சுமார் 23 கிராம் இருக்கும். அதன் அடி மடிப்பில் துருவும் இருந்தது, ஆனால் உப்புக்காற்றில் நல்ல செல்லும் துருவேறும் என்பதால் அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

மே 13

அண்ணனிடம் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். உரித்த செல்லின் முனைகளில் நாடா ஒட்டி, தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.