தினமும் பெனிசிலின் குடிப்பவருக்குப் பல் பிடுங்கும்போது

இதய வால்வு மாற்றியவர் என்று தெரிந்தால், வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே நான் கிளினிக் கொப்பியைக் கேட்பேன். என்ன வால்வு, என்னென்ன குளிசை என்பதெல்லாம் அதில் இருக்கும். கொழும்பில் பல் மருத்துவராக வேலை செய்வதில் எனக்கு வந்த பழக்கம் இது.

பல்லைப் பிடுங்கும்போதும் ஈறுக்குள் கருவி போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் கொஞ்ச நேரம் இரத்தத்தில் கலக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. செயற்கை வால்வில் அவை ஒட்டிக்கொண்டு பெருகினால்தான் ஆபத்து. அதனால்தான் செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு ஒருமுறை வால்வில் கிருமித்தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கிறோம். வழக்கமான மருந்து அமொக்சிசிலின். பெரியவருக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் கப்சூல் நான்கு, 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே தடவையில்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு அந்த வழக்கமான மருந்து பொருந்தவில்லை. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டு, பிறகு உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உடைந்து, பிடுங்கியே ஆக வேண்டிய நிலை. கொப்பியில், இரத்தம் கட்டாமல் தடுக்கும் வோபரினோடு, பெனிசிலின் 250 மில்லிகிராம் காலையும் இரவும் என்று எழுதியிருந்தது. வாதக் காய்ச்சல் திரும்பாமல் இருக்கத் தரும் மருந்து அது.

கூட வந்த கணவர் கேட்டார்: "டொக்டர், இவ தினமும் பெனிசிலின் குடிக்கிறவ. பிறகு ஏன் இன்னொரு மருந்து?"

நல்ல கேள்வி. உட்கார வைத்து விளக்கினேன். அந்தச் சின்ன அளவு, வாதக் காய்ச்சலுக்குக் காரணமான, தொண்டையில் வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்குப் போதும், ஏனென்றால் அது பெனிசிலினுக்குச் சுலபமாகச் சாகும். வாயில் குடியிருப்பவை வேறு வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ். வருடக்கணக்கில் தினமும் பெனிசிலின் குடித்தால், அவற்றில் அந்த மருந்தைத் தாங்கக்கூடியவைதான் மிஞ்சும். அமொக்சிசிலினும் அதே குடும்பம், ஆகவே நான்கு கப்சூல் கொடுத்தாலும் காவல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. செஃபலெக்சினும் நெருங்கிய உறவுதான். மருந்தின் வகையையே மாற்ற வேண்டும்.

முன்பு இப்படியான இடத்தில் கிளிண்டமைசின் கொடுப்போம். ஒரு வேளை மருந்தே சிலருக்குக் கடுமையான குடல் அழற்சியை உண்டாக்குகிறது என்பதால் அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் அதைக் கைவிட்டது. மிஞ்சுவது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், அல்லது டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால், துடிப்புக் கோளாறுக்கு வேறு மருந்து எடுக்கிறாரா என்று அவரின் இதய மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை. சரி, அசித்ரோமைசின் என்று முடிவெடுத்தோம்.

வோபரினை நிறுத்தச் சொல்லவில்லை. உலோக வால்வில் இரத்தம் கட்டினால் அது பல்லில் வடியும் இரத்தத்தைவிடப் பல மடங்கு கொடியது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையில், முந்திய நாள் எடுத்த அளவு 2.9. நான்குக்குக் கீழே இருந்தால் தையல் போட்டு இரத்தத்தை நிறுத்திவிடலாம்.

குளிசையை வீட்டில் குடித்துவிட்டு வரச் சொன்னால், வரிசையில் காத்திருந்தே நேரம் போய்விடும். அதனால் கிளினிக்கிலேயே என் கண்முன் குடிக்க வைத்து, ஒரு மணித்தியாலம் கழித்துக் கதிரையில் அமர்த்தினேன். மறந்துபோய் வேலை தொடங்கிவிட்டால், முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. கீழ் முன்பற்களில் காரை படிந்து ஈறு வீங்கியிருந்தது. அதையும் அன்றே சுத்தம் செய்தேன். இன்னொரு நாளைக்கு வைத்தால் இன்னொரு தடவை மருந்து வேண்டும், இடையில் பத்து நாளாவது விட வேண்டும்.

அந்த ஈறுதான் எனக்குப் பல்லைவிடப் பெரிய கவலை. பல் துலக்கும்போதும் சாப்பிடும்போதும்கூடக் கிருமி இரத்தத்துக்குப் போகிறது, வீங்கிய ஈறில் அது இன்னும் கூடுதல். தினமும் நடக்கும் அதற்கு முன்மருந்து கிடையாது. அதனால் மென்மையான பிரஷால் ஈற்றோரம் துலக்கும் விதத்தைக் காட்டி, ஆறு மாதத்துக்கொருமுறை வரச் சொன்னேன்.

போகும்போது கணவரிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். முன்மருந்து குடித்தாலும் தொற்று வராது என்று உறுதி சொல்ல முடியாது. இனி வரும் வாரங்களில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, இரவில் வியர்த்தாலோ, காரணமில்லாமல் களைத்தாலோ, பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், உலோக வால்வு இருப்பதையும் பல் பிடுங்கியதையும் சொல்லி, முதலில் இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் நாலு குளிசை உள்ளே போய்விட்டால், கிருமி வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் வாரக்கணக்கில் ஊசி போட வேண்டிவரும். திகதியையும் கொடுத்த மருந்தையும் கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுத்தேன்.