மேலேயிருந்து வாசித்த பத்தொன்பது மெயில்கள்

ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களின் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் கடதாசி வேலைகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். ஒரு நாள் காலை, கொழும்பில் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. அம்மா ஐம்பது வயது முடிந்து கொழுந்து வேலையை விட்டுவிட்டார். "மிஸ், அம்மாவின் காசை எடுக்க இன்னும் என்ன கடதாசி தேவை?" என்பது கடைசி வரி. அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டையான பி கார்ட் என்று உடனே எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில்: "மிஸ், அதெல்லாம் போன மாசமே கொடுத்தாச்சு. நான் கேட்டது வேற."

அப்புறம்தான் தொடரின் மேலே போய், முதல் மெயிலிலிருந்து வாசித்தேன். மொத்தம் பத்தொன்பது. மூன்றாவதில், அடையாள அட்டையில் லெட்சுமி, பி கார்டில் லட்சுமியம்மா என்று இருப்பதைச் சொல்லியிருந்தார். எட்டாவதில் அதற்குச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தாயிற்று. என்னைப் பிடித்து நிறுத்தியது பதினோராவது. தோட்டத்துக் கிளாக்கர் தனியாகப் பதில் எழுதாமல், அந்தப் பெண்ணின் பழைய மெயிலின் வரிகளுக்கு நடுவிலேயே எழுதியிருந்தார். ஜிமெயில் பழைய எழுத்தை மூன்று புள்ளிக்குள் மடித்து வைத்துவிடும். அதைத் தட்டாமல் பார்த்தால் அந்த மெயில் வெறுமையாகத் தெரியும். தட்டினால் உள்ளே ஒரு வரி: 1992இல் தோட்டம் கம்பெனிக்குப் போனபோது அம்மாவுக்குப் புது அங்கத்துவ இலக்கம் விழுந்திருக்கிறது, பழைய இலக்கம் வேறு.

அதன் பிறகு வந்த எல்லா மெயில்களிலும் "கடதாசி" என்ற சொல்லின் பொருளே மாறியிருந்தது. சத்தியக் கடதாசியில் புது இலக்கம் மட்டும்தான் இருக்கிறது, பழைய இலக்கத்துக் காசும் அதோடு சேர்ந்து வருமா என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி. அதைத்தான் சுருக்கி "இன்னும் என்ன கடதாசி" என்று கேட்டிருந்தார்.

இப்போது நீண்ட தொடர் வந்தால், பதில் எழுதுமுன் நோட்டில் மூன்று வரி எழுதிக்கொள்கிறேன்: முதலில் கேட்டது என்ன, இதுவரை கொடுத்தது என்ன, எந்த மெயிலில் கேள்வி திரும்பியது. மூன்றாவது வரிதான் நேரம் எடுக்கும். மூன்று புள்ளி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். தலைப்பை யாராவது மாற்றியிருந்தால் ஜிமெயில் அதை வேறு தொடராகப் பிரித்துவிடும். அதனால் அனுப்பியவரின் பெயரைப் போட்டும் ஒரு தடவை தேடுகிறேன். இருபது நிமிடம் போகும். ஆனால் பிழையான பதிலை நம்பி அந்தப் பிள்ளை சம்பளமில்லாத லீவில் பஸ் ஏறி வந்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

அன்றைக்கே தொழில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதினேன்: "தங்கச்சி, உங்கள் கேள்வி பழைய இலக்கத்தைப் பற்றியது என்று இப்போதுதான் விளங்கியது. இரண்டு பெயர், இரண்டு இலக்கம், எல்லாம் ஒருவருடையது என்று புதிதாக ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். மற்றது எதையும் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை."

"ஓம் மிஸ், இதைத்தான் கேட்டேன்," என்று பதில் வந்தது.