ரைசருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே 300 மி.மீ.

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் சைட் எஞ்சினியராக இருந்தபோது நடந்தது. மூன்றாம் மாடித் தளத்துக்குப் பலகை அடித்து, அடிக்கம்பியும் விரித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் மின்சாரம், குழாய் வேலை பார்க்கும் எம்அண்ட்ஈ பக்கமிருந்து திருத்திய வரைபடம் வந்தது. படிக்கட்டை ஒட்டி, குழாய்கள் மாடிக்கு மாடி ஏறும் துளையான சர்வீஸ் ரைசர் 600-க்கு 400 மி.மீ. என்று இருந்தது, இப்போது 1200-க்கு 800. குழாய்கள் கூடிவிட்டன, அதனால் துளையும் பெரிதாகிவிட்டது. அதைத் திருத்தி, கம்பி மாற்றி, கான்கிரீட் போட்டு முடித்த கதையை விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்கு உதவும்.

தளம் 200 மி.மீ. கனம். அடியில் எச்13, அதாவது 13 மி.மீ. விட்டக் கம்பி, இரண்டு திசையிலும் 150 மி.மீ. இடைவெளி, மேலே எச்10 அதே இடைவெளி, கம்பியை மூடும் கான்கிரீட் கவர் 25. ரைசரின் 1200 பக்கம் கிழக்கு மேற்காகவும் 800 பக்கம் வடக்கு தெற்காகவும் இருந்தது. அதன் கிழக்கே படிக்கட்டுக்கான பெரிய துளை, ஐந்து மீட்டர் நீளம். இரண்டுக்கும் நடுவே எஞ்சியது 300 மி.மீ. அகலப் பட்டை ஒன்றுதான்.

கம்பி கட்டும் ஃபோர்மேன் புதுக்கோட்டைக்காரர். பல வருடம் இங்கே வேலை பார்த்தவர், எனக்கு அண்ணன். "தம்பி, ஸ்டாண்டர்ட் டீடெயில் இருக்குல்ல. அதையே போட்டுக் கட்டிடுவோம், நாளை மறுநாள் கான்கிரீட்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. பொதுக் குறிப்புத் தாளில் துளைகளுக்கான விவரம் இருந்தது. தனியாக நிற்கும் ஒரு துளைக்கு அது சரியாகவே பொருந்தும். அதனால் முதலில் அதன்படியே கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

விதி எளிமையானது. துளை எத்தனை கம்பியை வெட்டுகிறதோ, அந்தக் கம்பிகளின் மொத்தப் பரப்பைத் துளையின் இரு பக்கமும் பாதிப் பாதியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1200 அகலத்தில், 150 இடைவெளியில், வடக்கு தெற்காக ஓடும் எட்டுக் கம்பி வெட்டுப்படும். ஒரு எச்13 என்பது 133 சதுர மி.மீ.; எட்டுக்கு 1064. ஒரு பக்கத்துக்கு 532 வேண்டும். எச்16 ஒன்று 201, ஆக மூன்று கம்பி போட்டால் 603, போதும். 800 பக்கத்தில் ஐந்து வெட்டுப்படலாம், ஆறும் வெட்டுப்படலாம். விரித்த கம்பி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஆறு என்றே எடுத்தோம்: 798, பாதி 399, இரண்டு எச்16 போட்டால் 402.

இந்தக் கம்பிகள் துளையின் ஓரத்தோடு நின்றுவிடக் கூடாது. விளிம்பைத் தாண்டி இருபுறமும் கான்கிரீட்டுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். சி32/40 கான்கிரீட்டில் 500 கிரேடு கம்பிக்கு ஐரோப்பிய வடிவமைப்பு விதியான யூரோகோட் கணக்கில் விட்டத்தைப் போல் சுமார் 35 மடங்கு வரும். எங்கள் குறிப்புத் தாளில் 40 மடங்கு என்று வைத்திருந்தார்கள். எச்16-க்கு 640 மி.மீ. ஆகவே 800 பக்கத்துக் கம்பியின் நீளம் 800-ம் இரண்டு 640-ம் சேர்த்து 2080. வெட்டும்போது 2100 என்று சொல்லிவிடுவோம்.

சிக்கல் இங்கேதான் வந்தது. 1200 பக்கத்தை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓட வேண்டிய கம்பி, ரைசர் விளிம்பைத் தாண்டிக் கிழக்கே 640 போக வேண்டும். ஆனால் 300-லேயே படிக்கட்டுத் துளை வந்துவிடுகிறது. கம்பி காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அது மட்டுமில்லை. ரைசரின் கிழக்குப் பக்கத்து மூன்று எச்16 இந்தப் பட்டைக்குள்தான் ஓட வேண்டும். படிக்கட்டுத் துளையின் மேற்கு ஓரத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த நான்கு எச்16-ம் இதே பட்டைக்குள்தான். ஏழு கம்பி. 300-ல் இருபுறமும் கவர் 25, விளிம்பைச் சுற்றிவரும் எச்10 யு-கம்பிக்கு இருபுறமும் பத்து, மீதி 230. ஏழு கம்பியே 112 எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 118-ஐ ஆறு இடைவெளிக்குப் பிரித்தால் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 20 மி.மீ. ஜல்லிக்கு யூரோகோட் கேட்பது 25. ஜல்லி கம்பிக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், கீழே கான்கிரீட் நிரம்பாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். அதுவும் இரண்டு துளைகளின் பாரமும் வந்து சேரும் இடத்தில்.

இதைப் பொறுமையாக விளக்குவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெட்டிய கம்பி சுமந்த பாரம் மறைந்துவிடாது. துளையின் ஓரம்வரை வந்து, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி, இரு பக்கத்துக் கம்பிகளில் ஏறி, பீமுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பக்கத்துத் தளத்துக்கு அதைத் தாங்கும் அகலம் இருந்தால்தான் "வெட்டியதைத் திருப்பிக் கொடு" என்ற விதி செல்லும். இங்கே ஒரு பக்கத்தில் தளமே இல்லை, 300 மி.மீ. பட்டைதான். கம்பியைக் கூட்டினாலும் கான்கிரீட் கூடாதே. (தூண் பக்கத்தில் துளை வந்தாலும் இப்படித்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பீம் இல்லாமல் தூண் நேராகத் தளத்தைத் தாங்கும் இடத்தில், தூண் முகத்திலிருந்து தளத்தின் பயன்படு ஆழத்தைப் போல் ஆறு மடங்குக்குள் துளை இருந்தால், துளைத்து இறங்கும் வெட்டுவிசைக் கணக்கில் சுற்றளவைக் குறைக்க வேண்டும். எங்கள் 200 தளத்துக்கு அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.)

அதனால் சைட்டிலேயே முடிவெடுக்காமல் வடிவமைப்புப் பொறியாளருக்கு, க்யூபிக்கு, விளக்கம் கேட்கும் ஆர்எஃப்ஐ அனுப்பினோம். வெறுமனே "துளை பெரிதாகிவிட்டது, என்ன செய்ய?" என்று கேட்டால் பொதுக் குறிப்பைப் பார் என்று பதில் வரும். நான் பட்டையின் அகலம், ஏழு கம்பி இடைவெளிக் கணக்கு, 640 கிடைக்காத இடம் மூன்றையும் ஒரு ஸ்கெட்ச்சில் வரைந்து சேர்த்தேன். கீழே எவ்வளவு உயரம் காலியாக இருக்கிறது என்பதையும் அளந்து எழுதினேன். அதுதான் வேலையைச் சீக்கிரம் முடித்தது என்று நினைக்கிறேன்.

பதில் ஸ்கெட்ச் வந்தது. பட்டையைத் தளமாகப் பார்க்காமல் பீமாக மாற்றிவிட்டார். 300 அகலம், 500 ஆழம், வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் பீம்கள்வரை ஓடும். அடியில் மூன்று எச்20, மேலே இரண்டு எச்16, அவற்றைச் சுற்றிக் கட்டும் எச்10 ரிங்கு 150 இடைவெளியில். ஏழு எச்16 தேவைப்படவே இல்லை. கிழக்கு மேற்காக ஓடும் கம்பிகளை 90 டிகிரி மடக்கி பீமுக்குள் இறக்கச் சொல்லியிருந்தார். மேற்குப் பக்கத்து மூன்று எச்16 மட்டும் நேர்க்கம்பியாகவே இருந்தன. ஆனால் 2100-ல் நிறுத்தாமல் அவற்றையும் பீமிலிருந்து பீம்வரை ஓடவிடச் சொன்னார்.

பலகையைப் பிரித்துப் பீம் பெட்டி அடித்தார்கள். அப்புறம் மூலைக் கம்பி.

மூலைக் கம்பியில்தான் சைட்டுக்கு சைட் தப்பு நடப்பதைப் பார்க்கிறேன். கான்கிரீட் காயும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள பீம்கள் விடாது. அந்த இழுப்பு துளையின் உள்மூலையில் குவிந்து, அங்கிருந்து 45 டிகிரியில் வெளியே விரிசல் கிளம்பும். கம்பி அந்த விரிசலைக் குறுக்கே தைக்க வேண்டும். அதாவது மூலைக்கு முன்னால் குறுக்காகப் படுக்க வேண்டும். ஒரு தம்பி மூலையிலிருந்து வெளிநோக்கி, கதிர் மாதிரி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். விரிசல் ஓடும் கோட்டிலேயே கம்பி படுத்தால் அது எதையும் பிடிக்காது. சாக்பீஸால் பலகையில் விரிசல் வரும் கோட்டை வரைந்து காட்டினேன். "அப்ப இதைக் குறுக்க வெட்டற மாதிரி வெக்கணும், அப்படித்தானே சார்?" என்றான். ஆமாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எச்16, அடியிலும் மேலும். நீளம் 1300, அதாவது மூலைக்கு இருபுறமும் 650. முதல் கம்பி மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி. மேற்கு மூலைகள் இரண்டிலும் இது அப்படியே உட்கார்ந்தது. கிழக்கு மூலைகளில் உட்காராது: 45 டிகிரியில் 650 போனால் கிழக்கே 460 மி.மீ. போகும், அங்கே இருப்பது 300. க்யூபியின் ஸ்கெட்ச்சில் அந்த முனையைப் பீமுக்குள் 45 டிகிரி மடக்கி, ரிங்குக்குள்ளேயே பீமோடு ஓடவிட்டிருந்தார். வெட்டிக் குட்டையாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். நீளம் குறையாமல் பிடிப்புக் கிடைக்கிறது.

இன்னொன்று, எந்த அடுக்கில் வைப்பது என்பது. மூலைக் கம்பி மூன்றாவது அடுக்கு. அடியில் இரண்டு அடுக்குக்கும் மேலே வைக்க வேண்டும், மேலே இரண்டு அடுக்குக்கும் கீழே நுழைக்க வேண்டும். மேல்கம்பி கட்டி முடித்தபின் மூலைக் கம்பி ஞாபகம் வந்தால், நுழைக்கச் சோம்பல் பட்டு மேலேயே வைத்துக் கட்டிவிடுவார்கள். 16 மி.மீ. கம்பி ஏறினால் 25 கவரில் மீதி 9. அதனால் அண்ணனிடம் சொல்லி, மேல்கம்பி விரிக்கும் முன்பே மூலைக் கம்பிகளைக் கட்டி உள்ளே போட்டு வைத்தோம்.

ஆர்டிஓ, அதாவது சைட்டில் க்யூபி சார்பாக மேற்பார்வை பார்க்கும் அதிகாரி, காலையில் சோதனைக்கு வந்தார். உள்ளூர்த் தமிழர், நிதானமானவர். கம்பி எண்ணிக்கையை அவர் முதலில் பார்க்கவில்லை. டேப்பை ரைசர் பெட்டியின் விளிம்பில் வைத்து, ஓரக் கம்பி அதைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று இரு முனையிலும் அளந்தார். நல்ல பழக்கம் அது. நீளம் சரியாக வெட்டிய கம்பியும் கட்டும்போது ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஒரு முனை 780 இருக்கும், மறுமுனை 500-தான் இருக்கும். எங்களுடையதில் வடக்கு ஓரத்தின் ஒரு கம்பி அப்படி மேற்கில் அதிகமாகப் போயிருந்தது. பீமுக்குள் இறங்க வேண்டிய மடக்கு ரிங்கைத் தொடவில்லை. அவிழ்த்து நகர்த்திக் கட்டினார்கள். பிறகு துளையின் நான்கு ஓரத்திலும் யு-கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். வெட்டிய கம்பியின் நுனிகள் சும்மா நிற்கக் கூடாது; யு-கம்பியின் கால்கள் தளக் கனத்தைப் போல் இரண்டு மடங்காவது, எங்களுக்கு 400, உள்ளே போக வேண்டும்.

எம்அண்ட்ஈ ஆட்கள் மின்குழாய் மூன்றை மூலைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பியை ஒட்டிக் குழாய் ஓடினால் அந்த நீளத்துக்குக் கான்கிரீட் பிடிப்புப் போய்விடும். அதைப் பிரித்து விலக்கச் சொன்னார், விலக்கினார்கள்.

கான்கிரீட் போடும்போது நான் ரைசர் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். வைப்ரேட்டர் பட்டால் பெட்டி நகரும். நகர்ந்தால் ஒரு பக்கம் கவர் போய்விடும், மறுபக்கம் பட்டை குறுகிவிடும். பெட்டியைப் பலகையோடு அடித்து, உள்ளே குறுக்குக்கட்டையும் கொடுத்திருந்ததால் அசையவில்லை.

பலகை பிரித்த பிறகு, சில வாரம் கழித்து, விரிசல் அளக்கும் அட்டையோடு போய்ப் பார்த்தேன். மேற்கு மூலை ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தது, அட்டையில் 0.1 கோட்டைவிட மெல்லியது, ஒரு சாணுக்குள் நின்றுவிட்டது. மூலைக் கம்பி விரிசலே வராமல் தடுக்காது. வந்ததை அகல விடாமல் பிடித்துக்கொள்ளும். கிழக்கு மூலைகள் சுத்தமாக இருந்தன.

அடுத்த மாடிகளுக்கு ரைசர் அதே 1200-க்கு 800 என்பதால், அந்த 300-க்கு 500 பீம் வரைபடத்திலேயே ஏறிவிட்டது. இரண்டு துளைக்கு நடுவே 1300-க்குக் குறைவாக இருந்தால், அதாவது இருபுறத்திலிருந்தும் 640 நுழைய இடமில்லையென்றால், பலகை அடிக்கும் முன்பே ஆர்எஃப்ஐ போட வேண்டும் என்று ஒருங்கிணைப்பு வரைபடத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். நான்காம் மாடியில் கழிவறைக் குழாய்த் துளை இரண்டு அந்த வரியில் சிக்கின. எம்அண்ட்ஈ ஆட்கள் ஒன்றை மேற்கே நகர்த்திக்கொண்டார்கள்.